வெளிர் மஞ்சள் வெல்லம், பளிச் சர்க்கரை: நிறத்தைப் பார்த்து வாங்கினால் எங்கே ஏமாறுகிறோம்?

மளிகைச் செயலியைத் திறந்து ‘வெல்லம்’ என்று தட்டிப் பாருங்கள். பொன்னிறத்தில் மின்னும் வெல்லத்தூள், வெண்ணெய் நிறத்தில் அச்சு வெல்லம், சாக்லேட் நிறத்தில் ‘கெமிக்கல் ஃப்ரீ’ வெல்லம், பக்கத்திலேயே பிரவுன் சுகர், ‘சல்ஃபர் இல்லாத’ சர்க்கரை என்று வரிசையாக வரும். விலை ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வரை மாறும். படத்தைத் தவிர நமக்குத் தெரிவது ஒன்றுமில்லை. அதனால் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் விரல் ‘ஆட்’ பட்டனை அழுத்துகிறது.

முன்பு “வெள்ளையா இருந்தா சுத்தம்” என்று நம்பினோம். இப்போது “கறுப்பா இருந்தா ஒரிஜினல்” என்று நம்புகிறோம். இரண்டையும் தொழில் நடத்துகிறவர்கள் நம்மைவிட நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். நிறம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் தெரிந்துவிடும்.

வெல்லம் ஏன் பழுப்பு நிறம்?

கரும்பாலையில் நடப்பது எளிய வேலை. கரும்பை ஆட்டிச் சாறு எடுத்து, அகலமான கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுகிறார்கள். சாறு சூடாகும்போது அழுக்கு நுரையாக மேலே வரும். அதை வழித்து எடுக்கச் சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். பழைய முறையில் வெண்டைத் தண்டை இடித்து எடுத்த வழவழப்பான சாற்றை ஊற்றுவதும் உண்டு. அது அழுக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். தண்ணீர் வற்றி, பாகு ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்ப்பார்கள். உருட்டுகிற பதம் வந்தால் இறக்கி, மரத்தொட்டியில் ஆறவிட்டு, அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம். கையால் பிடித்தால் உருண்டை வெல்லம். பாகை இன்னும் கொஞ்சம் முறுக விட்டு இறக்கி, ஆறும்போதே துடுப்பால் தேய்த்து உதிர்த்தால் நாட்டுச் சர்க்கரை.

இவ்வளவு நேரம் திறந்த கொப்பரையில் கொதிக்கும் சாற்றில் சர்க்கரையும், அமினோ அமிலங்களும், கரும்புக்கே உரிய பீனால் சேர்மங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பாகும். ரொட்டி சிவப்பதும், வெங்காயம் வதங்கிப் பழுப்பதும் இதே மாதிரியான வினைகளால்தான். அழுக்கை எடுக்கச் சேர்க்கும் சுண்ணாம்பு கொஞ்சம் அதிகமானால் நிறம் இன்னும் கூடும். ஆக, எதையும் சேர்க்காமல் காய்ச்சிய வெல்லம் தங்கப் பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை எங்கேயாவது ஒரு இடத்தில் நிற்கும். ஒரே ஆலையில் காலையில் வார்த்ததும் மாலையில் வார்த்ததும்கூட ஒரே நிறத்தில் இருக்காது.

அப்படியானால் கடையில் கட்டி கட்டியாக அடுக்கியிருக்கும், ஒன்றுபோலவே வெளிர் மஞ்சளாக இருக்கும் வெல்லம் எங்கிருந்து வருகிறது?

‘ஹைட்ரோஸ்’ செய்யும் வேலை

ஆலைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெள்ளைத் தூளின் முழுப்பெயர் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். துணி ஆலைகளில் சாயத்தை நீக்கவும், காகிதக் கூழை வெளுக்கவும் பயன்படும் பொருள். பாகு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கைப்பிடி தூவினால், அடர் பழுப்பு கண்ணெதிரே வெளிர் மஞ்சளாகும். நிறம் தரும் சேர்மங்களை நிறமற்றவையாக மாற்றிவிடுகிறது, அழுக்கை நீக்குவதில்லை. வேலை முடிந்த பிறகு கந்தக டை ஆக்சைடு எச்சமாக வெல்லத்தில் தங்கிவிடும்.

இதில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. அந்த வெளுப்பு நிலைப்பதில்லை. காற்றுபட்டுச் சில வாரங்கள் ஆனதும் நிறம் திரும்பக் கறுக்க ஆரம்பிக்கும். எனவே ஹைட்ரோஸின் பலன் சாப்பிடுகிறவருக்கு இல்லை. மண்டியில் வியாபாரி பார்க்கும் அந்தச் சில நாட்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் வரை, அதாவது ஒரு கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின் வரம்பு. செயற்கை நிறமிகள் சேர்க்க அனுமதியே இல்லை.

இந்த 70 எவ்வளவு பெரிய எண்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உலக சுகாதார அமைப்பும் உலக உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஒருவர் தன் உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை தினமும் சல்ஃபைட் எடுக்கலாம் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 42 மில்லிகிராம். வரம்பின் உச்சத்தில் இருக்கும் வெல்லத்தை 20 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 1.4 மில்லிகிராம்தான். அதாவது வரம்புக்குள் இருக்கும் வெல்லத்தைக் கண்டு அலற வேண்டியதில்லை. சிக்கல், கொப்பரையில் தூவும் கை எந்த அளவுகோலையும் வைத்துத் தூவுவதில்லை என்பதுதான். தூவப்படுவது உணவுத் தரத்தில் தயாரானதா, துணி ஆலைக்கான தொழிற்சாலைத் தரமா என்பதும் நமக்குத் தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்ஃபைட் சிறிய அளவிலேயே மூச்சுத் திணறலைத் தூண்டும். அவர்களுக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது.

வெல்லத்துக்குள் சர்க்கரை: லேபில்கூடச் சிக்காத கலப்படம்

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சோதனை நடத்தினார்கள் என்று பொங்கல் நேரத்தில் செய்தி வரும்போது, கூடவே ஒரு வரி இருக்கும்: ‘மூட்டை மூட்டையாகச் சர்க்கரை பறிமுதல்’. வெல்ல ஆலையில் சர்க்கரைக்கு என்ன வேலை?

100 கிலோ கரும்பிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 10 கிலோ வெல்லம். கரும்பு, வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் வெல்லத்தின் அடக்கவிலை சில பருவங்களில் மொத்த விலைச் சர்க்கரையைவிட அதிகமாகிவிடும். அப்போது கொப்பரையில் சர்க்கரை மூட்டையைக் கொட்டினால் மூன்று லாபம்: எடை கூடும், கட்டி நன்றாக இறுகும், நிறமும் வெளுக்கும். வெள்ளைச் சர்க்கரையால் வெளுத்த வெல்லத்தை நாம் ‘நல்ல வெல்லம்’ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்.

சரி, லேபில் கொடுத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். ஒரு கொப்பரையை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் கரும்பிலிருந்து 100 கிலோ வெல்லம் வருகிறது. அதில் 75 விழுக்காடு சுக்ரோஸ் என்று வைப்போம். அப்படியென்றால் 75 கிலோ. இதில் 50 கிலோ சர்க்கரையைக் கலக்கிறார்கள். சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்கவே சுக்ரோஸ். இப்போது மொத்தம் 150 கிலோவில் 125 கிலோ சுக்ரோஸ், அதாவது 83 விழுக்காடு. விதி கேட்பதோ, வெல்லத்தில் சுக்ரோஸ் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான். தாது உப்புகளைக் காட்டும் சாம்பல் அளவுக்கும் விதியில் மேல்வரம்புதான் இருக்கிறது. சர்க்கரை கலந்தால் அது குறையத்தான் செய்யும். ஆக, மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை கலந்த வெல்லம் இந்த இரண்டு சோதனைகளிலும் ‘பாஸ்’ ஆகிவிடும். காகிதத்தில் பார்த்தால் சுத்த வெல்லத்தைவிட மேலான வெல்லமாகக்கூடத் தெரியும்!

சேர்த்ததும் கரும்பிலிருந்து வந்த சர்க்கரை, இருப்பதும் கரும்புச் சர்க்கரை. இரண்டையும் பிரித்துச் சொல்வது வழக்கமான சோதனைகளுக்கு எளிதல்ல. அதனால்தான் அலுவலர்கள் பாக்கெட்டைவிட ஆலையின் கிடங்கைத் தேடிப் போகிறார்கள். மூட்டை அங்கே இருக்கும்போது பிடித்தால்தான் உண்டு.

வெள்ளைச் சர்க்கரையிலும் இரண்டு வகை

“அப்போ பேசாம சர்க்கரையே வாங்கிடலாமா?” என்று கேட்டால், அங்கேயும் ஒரு நிறக்கதை இருக்கிறது.

நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது, ஆலையில் சாற்றிலிருந்து நேரடியாகச் செய்யும் சர்க்கரை. சாற்றில் சுண்ணாம்புப் பால் கலந்து, கந்தகத்தை எரித்து வரும் வாயுவை அதற்குள் செலுத்துவார்கள். அழுக்கு அடியில் படியும். தெளிந்த சாற்றை வற்றவைத்த பிறகு, அந்தப் பாகில் இரண்டாவது முறையும் கந்தக வாயு செலுத்தி வெளுப்பார்கள். பிறகு படிகமாக்கி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் கழிவுப்பாகைப் பிரித்துவிட்டால் சர்க்கரை. இதற்கும் கந்தக டை ஆக்சைடு வரம்பு அதே 70 பிபிஎம்.

இன்னொன்று சுத்திகரித்த சர்க்கரை. பழுப்பு நிறக் கச்சாச் சர்க்கரையை மறுபடி கரைத்து, கார்பன் அல்லது ரெசின் அடுக்குகள் வழியாக வடிகட்டி நிறத்தை நீக்கி, மீண்டும் படிகமாக்குவார்கள். வெளுக்கக் கந்தகம் தேவையில்லை. பாக்கெட்டில் ‘சல்ஃபர் இல்லாதது’ என்று விற்பது பெரும்பாலும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டில் அதிக வெள்ளையாக இருப்பது கந்தகம் சேர்க்காத இந்தச் சர்க்கரைதான். நேரடியாகச் செய்த சர்க்கரையில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும். நாளாக நாளாக அது கூடும். ‘ரொம்ப வெள்ளையா இருந்தா கெமிக்கல் அதிகம்’ என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

மூட்டைகளில் எம்-30, எஸ்-30 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து படிகத்தின் அளவு: எம் என்றால் நடுத்தரம், எஸ் என்றால் சிறியது. எண் நிறத் தரம். இதில் எதுவும் எந்த முறையில் வெளுத்தார்கள் என்பதைச் சொல்லாது.

கறுப்பும் சாட்சி இல்லை

வெளிர் நிறத்தின் மீது சந்தேகம் பரவியதும் சந்தை அடர் நிறத்துக்கு நகர்ந்துவிட்டது. பிரவுன் சுகர் என்று விற்பவற்றில் பல, வெள்ளைச் சர்க்கரையின் மேல் கழிவுப்பாகை மெல்லப் பூசி எடுத்தவை. சிலவற்றில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கப்படுகிறது. பொருட்பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ‘சர்க்கரை, மொலாசஸ்’ என்றோ, ‘நிறமி 150’ என்று தொடங்கும் எண்ணோ இருக்கும். இதில் தவறு எதுவும் இல்லை; ஆனால் நாட்டுச் சர்க்கரை என்று நினைத்து அதற்கான விலையைக் கொடுக்கிறோம் என்றால், ஏமாந்தது நாம்தான்.

வெல்லத்திலும் அப்படியே. அடர் நிறம் என்றால் ரசாயனம் சேர்க்கவில்லை என்பது உறுதியல்ல. பாகு அடிப்பிடித்திருக்கலாம். சுண்ணாம்பு கூடியிருக்கலாம். உவர்நிலத்தில் விளைந்த கரும்பாக இருக்கலாம்; அந்த வெல்லம் லேசாக உப்புக் கரிக்கும். யூரியா அதிகம் போட்ட கரும்பின் வெல்லமும் கறுக்கும். ஹைட்ரோஸ் போட்டு வெளுத்துப் பிறகு மறுபடி கறுத்த பழைய சரக்காகவும் இருக்கலாம்.

வீட்டுச் சோதனைகள் எவ்வளவு தூரம்?

வாட்ஸ்அப்பில் வரும் சோதனைகளில் ஓரிரண்டுக்குப் பயன் உண்டு. ஒரு துண்டு வெல்லத்தைக் கண்ணாடி டம்ளர் நீரில் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவுபோலப் படிந்தால், சுண்ணாம்புத் தூள் போன்ற கரையாத பொருள் இருக்கலாம். கொஞ்சம் மண்ணும் சக்கைத் துகளும் படிவது இயல்பு. வெல்லத்தைக் கடித்துப் பாருங்கள்: சர்க்கரை நிறையக் கலந்தது கல்போல இறுகி, உடைத்த இடத்தில் படிகங்கள் மினுக்கும், கரும்புச் சாற்றின் மணம் குறைவாக இருக்கும். இது ஒரு குறிப்புதான், நிரூபணம் அல்ல.

பால் திரிந்தால் கெமிக்கல் என்பது நம்பத் தகுந்ததல்ல. வெல்லம் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. கொதிக்கும் பாலில் போட்டால் நல்ல வெல்லமும் திரிக்கும். அதனால்தான் வீடுகளில் பாயசத்தை இறக்கி ஆறவிட்டு வெல்லப்பாகு சேர்க்கிறார்கள். கந்தக டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சமையலறையில் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

பிராண்டுகளை ஒப்பிடுவது எப்படி?

இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். முதலில் பொருட்பட்டியல். வெல்லத்தில் ‘கரும்புச் சாறு’ தவிர வேறு என்ன எழுதியிருக்கிறது? 220 முதல் 224 வரையான எண்கள் இருந்தால் அவை கந்தக டை ஆக்சைடு, சல்ஃபைட் குடும்பம். சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒவ்வாமை எச்சரிக்கையாக அதைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்பது லேபிள் விதி. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்து, ‘கெமிக்கல் ஃப்ரீ’, ‘நேச்சுரல்’ என்ற சொற்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ‘இயற்கை விவசாயம்’ என்று சொன்னால் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் விற்கும் நிறுவனம் என்றால், வாடிக்கையாளர் சேவைக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: “இந்த பேட்ச்சில் கந்தக டை ஆக்சைடு எத்தனை பிபிஎம்?” ஆய்வறிக்கை அனுப்பினால், அதில் உள்ள பேட்ச் எண்ணும் உங்கள் பாக்கெட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ‘கெமிக்கல் இல்லை சார்’ என்று மட்டும் பதில் வந்தால், அது பதில் அல்ல.

உதிரியாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் “எந்த ஊர் சரக்குண்ணே?” என்று கேட்கலாம். ஒரே மூட்டையில் கட்டிக்குக் கட்டி நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் அது குறை இல்லை. அச்சடித்தது போல ஒரே வெளிர் மஞ்சளாக இருப்பதைத்தான் யோசித்து வாங்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எவ்வளவு சுத்தமான வெல்லமாக இருந்தாலும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நாட்டுச் சர்க்கரை ‘ஃப்ரீ பாஸ்’ கிடையாது.

மாற வேண்டியது கொப்பரை மட்டுமல்ல

ஆலை நடத்துகிறவரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஏலத்தில் வெளிர் மூட்டைக்கு ஒரு விலை, பழுப்பு மூட்டைக்கு அதைவிடக் குறைந்த விலை என்று இருக்கும்வரை, எதுவும் சேர்க்காமல் காய்ச்சுகிறவர் தன் நேர்மைக்குத் தானே அபராதம் கட்டுகிறார். அந்த விலை வித்தியாசத்தை உருவாக்குவது, கடையில் வெளிர் கட்டியைப் பொறுக்கி எடுக்கும் நம் கைதான்.

பண்டிகைக்கு முன்பு நடக்கும் சோதனைகளும் பறிமுதலும் தேவைதான். ஆனால் அவை மட்டும் போதாது. வெல்லத்தின் தர விதியில், சர்க்கரை கலந்தால் குறையும் தாதுக்களுக்குக் கீழ்வரம்பு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மேலே பார்த்த கொப்பரைக் கணக்கு என்றைக்கும் தப்பித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நிறத்தோடு கந்தக அளவையும் சோதித்து மூட்டையில் எழுதினால், பழுப்பு வெல்லத்துக்கு அதன் நியாயமான விலை கிடைக்க வழி பிறக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சின்னதுதான். அடுத்த முறை கடையில் இரண்டு கட்டிகளில் ஒன்றை எடுக்கும்போது, கொஞ்சம் மங்கலாக இருப்பதை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன், “இது எப்படிச் செஞ்சது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.